யன்னலுக்கு ஒரு நுளம்பு வலைச் சட்டம்

மார்கழி மாரியின் நடுவே ஒரு நாள் என் தமக்கையின் மூத்த மகனுக்குக் காய்ச்சல் கண்டது. இரத்தத்தைச் சோதித்த வைத்தியர் டெங்கு என்றார். வீட்டில் வைத்துப் பார்க்கும் வரையில் பிள்ளையைப் பகலிலும் வலைக்குள்ளேயே கிடத்த வேண்டும் என்றும், வாந்தியோ வயிற்றுநோவோ இரத்தக் கசிவோ காணின் கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். அதே வீட்டில் நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியும் இருந்தாள். அவளைக் குறித்தே தமக்கைக்கு அச்சம் மிகுந்தது.

அவ்வச்சம் வீணன்று. டெங்கைக் காவும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. விடிந்த பின்னரும் பொழுது சாய்வதற்கு முன்னரும் அதன் தொல்லை மிகுதி. காய்ச்சலில் கிடப்பவனின் இரத்தத்தை உறிஞ்சிய நுளம்பு, ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை சென்றபின், அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க வல்லதாகிறது. ஆகவே நோயாளியின் அறைக்குள் நுளம்பு புகாமல் தடுப்பது நோயாளிக்காக மட்டுமன்று, அவனுடன் வாழ்வோருக்காகவுமாகும். கட்டிலைச் சுற்றிய வலைக்குள் எட்டு வயதுச் சிறுவன் பகல் முழுவதும் அடங்கிக் கிடப்பானா? யன்னலுக்கே வலையடிப்போம் என்று கூறி நான் புறப்பட்டேன்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் யன்னல்களை நேயர்கள் அறிவார்கள். மரநிலை; அதில் இரும்புக் கம்பிகள்; கம்பிகளுக்கு வெளியே புறமாகத் திறக்கும் இரு கதவுகள். மழை வந்தால் கம்பிகளினூடாகக் கையை நீட்டித்தான் கதவை இழுத்துச் சாத்த வேண்டும். எனவே வலையை ஆணியடித்து நிலையோடு நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் கதவைச் சாத்த வழியில்லாது போகும். வலை அறையின் உட்புறத்தில், திறந்து மூடத்தக்க ஒரு சட்டத்தில் அமைய வேண்டும். அதற்கு இலகுவானது அலுமினியச் சனல். ஏறக்குறைய ஓர் அங்குல அகலமுள்ள உட்குடைவான நீள் துண்டு அது; அதன் ஒரு முகத்தில் நீளம் முழுவதும் ஒரு காடி ஓடும். வலையின் ஓரத்தைக் காடியின் மேல் விரித்து, றப்பர் பீடிங் என்று கடையில் கேட்கும் கயிற்றை அதன்மேல் வைத்து உள்ளே அமுக்கினால் வலை இறுகிக்கொள்ளும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

கேட்பதற்கு இவ்வளவே. ஆயினும் நான் செய்த முதற் சட்டம் பழுதாயிற்று. அதைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்வதில் பயனில்லை.

அவசரத்தில் யன்னல் வாயை நடுவில் ஒரே தடவை அளந்தேன். அகலம் 900 மில்லிமீற்றர், உயரம் 1,200. சிறிது குறைத்துச் சட்டம் செய்து, வாய்க்குள்ளேயே செருகப் பார்த்தேன். மேல் வலது மூலை இடித்தது. கீழ் இடது மூலையில் சுண்டுவிரல் நுழையும் சந்து நின்றது. அத்தோடு சட்டத்தின் இரண்டு நெடும் பக்கங்களும் உடுக்கின் இடைபோல உள்வாங்கியிருந்தன. அயலில் தச்சுவேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார்.

“தம்பி, நிலையைக் குறுக்குப் பாத்தனீரோ?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை” என்றேன்.

நாடாவை எடுத்து மூலைக்கு மூலை இரண்டு குறுக்காகவும் அளந்தார். ஒன்று 1,504, மற்றது 1,495. ஒன்பது மில்லிமீற்றர் வேறுபாடு! எழுபது ஆண்டுப் பழைய நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதற்குள் மூலைமட்டம் பிசகாத சட்டத்தைச் செருகினால், எவ்வளவுதான் நுணுக்கமாக அறுத்தாலும் எங்கேனும் சந்து விழாமல் இராது. தீக்குச்சி நுழையும் சந்து நுளம்புக்குத் தாராளமாகப் போதும்.

இதற்குப் பரிகாரம், சட்டத்தை வாய்க்குள் செருகாமல் நிலையின் முகப்பின்மேல் படியவைப்பதே. வாயைவிட ஒவ்வொரு பக்கமும் 15 மில்லிமீற்றர் பெரிதாகச் சட்டம் செய்தால், நிலையின் சாய்வு அந்தப் படிவுக்குள் மறைந்துபோகும். புதுவீட்டு யன்னல் மூலைமட்டமாக இருந்தால் செருகலாம். அப்போது அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து, மிகச் சிறிய அளவிலிருந்து மூன்று நான்கு மில்லிமீற்றர் கழித்துக்கொள்ள வேண்டும். பழைய வீட்டில் அந்த ஆசையை விட்டுவிடுவதே நலம் என்பது என் கருத்து.

இனிக் கணக்கு. சட்டத்தின் வெளியளவு 930க்கு 1,230 ஆயிற்று. ஆனால் சனலை அந்த நீளத்துக்கு அறுக்கலாகாது. நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் மூலைத்துண்டுகள் வருகின்றன. அவற்றின் கால்கள் சனலுக்குள் புகுந்துகொள்ள, மூலைப் பகுதி மட்டும் வெளியே நிற்கும். எங்களிடமிருந்த துண்டில் அவ்வெளிப்பகுதி 19 மில்லிமீற்றர். இரு முனைக்கும் சேர்த்து 38ஐக் கழிக்க, குறுக்குச் சனல்கள் இரண்டும் 892; நெடுஞ்சனல்கள் இரண்டும் 1,192. கடைக்குக் கடை மூலைத்துண்டு வேறுபடுமாதலால், கையிலுள்ளதை அளந்த பின்னரே வாளைத் தொடவேண்டும். இரும்பறுக்கும் வாளில் நுண்பல் அலகைப் பூட்டி நேராக அறுத்து, முனையின் பிசிரை அரத்தால் நீக்கினோம். பிசிரை விட்டால் மூலைத்துண்டு முழுவதும் புகாது, கையையும் கிழிக்கும்.

நான்கையும் பூட்டித் தரையில் வைத்தவுடன் குறுக்களவு பார்த்தோம். 930க்கு 1,230 சட்டத்தில் இரண்டு குறுக்கும் 1,542 ஆக வரவேண்டும். நமக்கு ஒன்று மூன்று கூடியும் மற்றது மூன்று குறைந்தும் நின்றன. நீண்ட குறுக்கின் மூலைகளை உள்ளங்கையால் மெல்லத் தட்டியதும் சமமாயின. வலை ஏறிய பின்னர் இத்திருத்தம் இயலாது.

உயரம் ஒரு மீற்றரைக் கடந்ததால் நடுவில் ஒரு குறுக்குச் சனலும் வைத்தோம். யன்னலின் இரும்புப் பட்டம் எந்த உயரத்தில் ஓடுகிறதோ அதே உயரத்தில் அதை வைக்கச் சொன்னார் பெரியவர். வெளியே பார்க்கும்போது கண்ணை உறுத்தாமல் இருப்பது அதனாலேதான்.

அடுத்தது வலை. கண்ணாடியிழை வலையே வாங்கியிருந்தேன். ஓர் அங்குலத்துக்கு ஒரு திசையில் 18 இழையும் மறு திசையில் 16 இழையும் கொண்ட சாதாரண வலை ஈடிஸுக்குப் போதுமானது. இதனிலும் நெருக்கமானது வேண்டுவோர் காற்றை இழக்கச் சித்தமாயிருக்க வேண்டும். இரும்புக் கம்பி வலை எங்கள் உப்புக் காற்றில் சில மாரிகளிலேயே துருவேறும். வலையை ஒவ்வொரு பக்கமும் 50 மில்லிமீற்றர் மிகையாக, 1,030க்கு 1,330 என வெட்டி, அதன் இழைகள் சனலுக்கு நேர்கோடாக ஓடுமாறு விரித்தோம்.

முதற் சட்டம் உடுக்கைபோல் வளைந்ததன் காரணம் இப்போதுதான் விளங்கிற்று. நான் வலையை மேளத்துத் தோல்போல இழுத்துப் பிடித்துக்கொண்டு றப்பரை அமுக்கியிருந்தேன். றப்பர் காடிக்குள் இறங்கும்போது தானும் வலையை உள்ளே இழுத்துச் செல்கிறது. வேண்டிய இறுக்கம் அதனாலேயே வந்துவிடும். முன்னரே இழுத்த வலை இன்னும் இழுபட்டால் மெல்லிய அலுமினியம் என் செய்யும்? வளையும். ஆகவே இம்முறை சுருக்கமில்லாமல் மட்டும் விரித்தோம். நெடும் பக்கங்களின் நடுவில், உட்புறமாக ஒவ்வொரு மரத்துண்டைத் தரைப்பலகையில் அறைந்து, சனல் உள்வாங்காதபடி காவல் வைத்தோம்.

றப்பரின் பருமனையும் முன்பே சோதித்துவிட்டோம். எஞ்சிய சனல் துண்டில் வலைத்துண்டொன்றை வைத்து அமுக்கிப் பார்த்தால் உண்மை தெரியும். கைவிரலால் வருத்தமின்றி இறங்கினால் அது மெல்லியது. வலையைச் சுண்டினாலே கழன்றுவிடும். உருளையை முழுப் பலத்தோடு அழுத்தியும் மேலே துருத்திக்கொண்டு நின்றால் அது தடித்தது, சட்டத்தை வளைத்துவிடும்.

மூலையொன்றில் தொடங்கி, நெடும் பக்கம் வழியே சிறு உருளைக் கருவியால் றப்பரை அமுக்கிக்கொண்டே சென்றோம். உருளையின் பள்ளமான சில்லு றப்பரின்மேல் ஓடவேண்டும். மூலை வந்ததும் றப்பரை வெட்டாமல் மடக்கி, மழுங்கிய திருப்புளியின் நுனியால் அமுக்கி, அடுத்த பக்கத்துக்குத் திரும்பினோம். இங்கே பெரியவர் என் கையைத் தடுத்தார்.

“றப்பரை இழுக்காதையும் தம்பி. தளர விட்டு வையும்.”

இழுத்து வைத்த றப்பர் அன்று அழகாகத்தான் இருக்கும். சில நாளில் அது தன் இயல்பான நீளத்துக்குச் சுருங்கும்; அப்போது முனையிலும் மூலைகளிலும் காடி வெறுமையாகி வலை விடுபடும். செய்தவன் வலையைக் குறைகூறுவான். குற்றம் அவன் கையினது.

நான்கு பக்கமும் முடிந்ததும் உள்ளங்கையால் நடுவில் மெதுவாக அழுத்திப் பார்த்தோம். சிறிது தாழ்ந்து மீண்டது. ஒரு மூலையில் மட்டும் சாய்ந்த சுருக்கொன்று ஓடியது. அவ்விடத்திலிருந்து ஒரு முழ நீளம் றப்பரைக் கிளப்பி, வலையைத் திருத்தி, மீண்டும் அமுக்கினோம். அதன் பின்னரே மிகை வலையை வெட்டினோம். கூரிய கத்தியின் நுனியைக் காடியின் வெளி ஓரத்தில் வைத்து, வெளிப்புறம் சாய்த்து இழுக்க வேண்டும். உட்புறம் சாய்ந்தால் ஒரு கணத்தில் வலை கீறிப்போகும்.

சட்டத்தின் இடது பக்கத்தை இரண்டு பிணைச்சல்களால் நிலையோடு பூட்டி, வலது பக்கத்தில் திருகுகட்டை இரண்டு வைத்தோம். துருப்பிடியாத எஃகுத் திருகாணிகளையே பயன்படுத்தினோம். கடற்காற்றின் ஈரத்தில் சாதாரண இரும்பாணி துருவேறுவதோடு, அது தொட்ட இடத்தில் அலுமினியமும் அரிக்கும். நிலையின் முகப்பில் பழைய பூச்சு மேடுபள்ளமாக இருந்த இடங்களில், சட்டத்தின் பின்புறம் மென்பஞ்சு நாடா ஒட்டினோம். இரவில் அறையுள் விளக்கேற்றி வெளியே நின்று பார்த்தபோது ஓரங்களில் ஓரிடத்திலேனும் வெளிச்சக் கீற்றுத் தெரியவில்லை.

சட்டத்தை மூடுமுன் அறைக்குள் இருந்த நுளம்புகளை மூலை முடுக்கெல்லாம் தேடி ஒழித்தோம். உள்ளே அடைபட்டது வெளியேற வழியின்றி உள்ளேயே கடிக்கும். வாசற்கதவுக்கு வலை இல்லையாதலால், தமக்கை அதைச் சாத்தியே வைத்தாள்.

நான்காம் நாள் சிறுவனை வைத்தியசாலையில் சேர்க்க நேர்ந்தது. ஐந்து நாட்களின் பின் தேறி வந்தான். சின்னவளுக்குக் காய்ச்சல் காணவில்லை. வலையினால்தானா என்று கேட்டால், நான் அவ்வாறு சாதிக்க மாட்டேன். அதே வாரம் அத்தான் பின்வளவில் நீர் தேங்கிய சிரட்டைகளையும் பழைய வாளிகளையும் அப்புறப்படுத்தியிருந்தார்.

முதலிற் செய்த கோணற் சட்டத்தை எறிந்துவிடவில்லை. றப்பரை உரித்துச் சனலை 580க்குக் குறைத்து அறுத்து, குசினி யன்னலுக்கு வைத்திருக்கிறோம். அதன் நிலையைக் குறுக்களந்தபோது வேறுபாடு இரண்டே மில்லிமீற்றர்தான்.