ஒரே ஊருக்கு ஏன் இரண்டு வானிலை?

நாளை நுவரெலியாவில் மழை பெய்யுமா என்று இரண்டு செயலிகளைத் திறந்து பார்த்தால், ஒன்று வெயில் என்கிறது, மற்றது இடியுடன் மழை என்கிறது. இரண்டும் ஒரே வானத்தைப் பற்றித்தானே பேசுகின்றன?

பெரும்பாலான செயலிகள் வானத்தைத் தாமாக அளப்பதில்லை. பெருங்கணினிகளில் இயங்கும் மாதிரியுருக்களின் முடிவுகளையே பெற்றுத் தருகின்றன. அவற்றுள் ஐரோப்பிய நிலையத்தின் ECMWF, அமெரிக்காவின் GFS என்பன பரவலாகப் பயன்படுகின்றன. இம்மாதிரியுருக்கள் பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கின்றன. ஐரோப்பியக் கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர், அமெரிக்கக் கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 13 கிலோமீற்றர்.

ஒரு கட்டத்துக்குள் இருக்கும் மலையும் பள்ளத்தாக்கும் கணினிக்கு ஒரே சராசரி உயரமாகிவிடுகின்றன. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. கட்டத்தின் சராசரி உயரம் அதைவிட 300 மீற்றர் குறைவென்று வைத்துக்கொள்வோம். 1,000 மீற்றருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குளிரும் என்பதால், திருத்தம் செய்யாத செயலி ஏறத்தாழ 2 பாகை அதிகமாகக் காட்டும்.

மழையில் சிக்கல் இன்னும் பெரிது. ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பிற்பகலில் எழும் இடிமுகில் சில கிலோமீற்றர் அகலமே கொண்டது. அது கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால் கணினி அதை நேரடியாகக் காண்பதில்லை, மதிப்பிடுகிறது. ஒவ்வொரு மாதிரியுருவும் மதிப்பிடும் முறை வேறு. அத்துடன், எத்தனை சதவீதத்துக்கு மேல் மழைப் படத்தைக் காட்டுவது என்பதைச் செயலியை உருவாக்கியவர்களே தீர்மானிக்கிறார்கள். ஆகவே படத்தை விடுத்து, மழைக்கான சதவீதத்தைப் பாருங்கள். 30 சதவீதம் என்றால், அவ்வாறு சொல்லப்பட்ட பத்து நாட்களில் ஏறத்தாழ மூன்று நாள் மழை பெய்ய வேண்டும் என்பதே பொருள்.

எதை நம்புவது? ஒரு மாதம் கணக்கு வைத்தால் தெரிந்துவிடும். தினமும் மாலை ஒரே நேரத்தில், நாளைக்கான சதவீதத்தை இரு செயலிகளிலும் பார்த்துக் குறியுங்கள். மறுநாள் மழை பெய்தால் 1, இல்லையேல் 0. சதவீதத்தைத் தசமமாக்கி, வித்தியாசத்தை வர்க்கித்து, சராசரி காணுங்கள்.

முதல் நாள் மழை பெய்தது. முதற்செயலி 90 சதவீதம் சொல்லியிருந்தால் அதன் பிழை 0.01, மற்றது 70 சொல்லியிருந்தால் 0.09. இரண்டாம் நாள் மழை இல்லை. முதலாவது மீண்டும் 90 சொன்னது: 0.81. மற்றது 30 சொன்னது: 0.09. சராசரி முறையே 0.41, 0.09. தினமும் 50 சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருந்தாலே 0.25 கிடைக்கும். எனவே முதற்செயலி அதைவிடவும் மோசம்! இரண்டு நாள் போதாது. குறைந்தது முப்பது நாளாவது தேவை. மழைக்காலத்தில் வென்றது வறட்சியில் தோற்கலாம் என்பதால் பருவம் மாறும்போது மீண்டும் கணக்கிட வேண்டும்.

இரு செயலிகளும் ஒரே மாதிரியுருவைப் பயன்படுத்தினால், அவை ஒத்துப்போவது இரண்டு சாட்சிகள் ஆகாது. வெள்ளம், மண்சரிவு அபாயம் உள்ள நாட்களிலோ எந்தச் செயலியையும் விட வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையையே முதலில் கேளுங்கள்.