லாபம் சொல்லாத நிதி சேனல்

இந்தியாவில் பணத்தைப் பற்றிப் பேசும் யூடியூப் சேனல், செபியிடம் பதிவு பெறாத வரை, பங்கு, மியூச்சுவல் ஃபண்டு முதலியவை எப்படி இயங்குகின்றன என்று கற்பிக்கலாம். எதை வாங்கலாம் என்று ஆலோசனை சொல்லக் கூடாது. செபி விதிகள் இந்த எல்லையை வகுத்தன. 2024 ஆகஸ்டில் செபி இன்னொரு தடையையும் சேர்த்தது. பதிவு பெறாமல் ஆலோசனை தருபவர்களோடும், இவ்வளவு லாபம் கிடைக்கும் என்று சொல்பவர்களோடும் தரகு நிறுவனங்களும் ஃபண்டு நிறுவனங்களும் தொடர்பு வைக்கக் கூடாது.

இளம் சம்பளக்காரர்களுக்கான சேனல்களில் இந்த எல்லை பெரும்பாலும் எஸ்ஐபி கணக்கில்தான் மீறப்படுகிறது. மாதம் 5,000 ரூபாய் வீதம் 10 ஆண்டுகள் கட்டினால் மொத்தம் 6 லட்சம். ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 11.6 லட்சமாகத் தெரியும். கணக்கு சரிதான். ஆனால் 12 சதவீதம் என்பது கணக்கு போட்டவர் வைத்துக்கொண்ட எண். சந்தை கொடுத்த வாக்குறுதி அல்ல. பொறுப்பான சேனல் அதே திரையில் 6 சதவீதத்துக்கான தொகையையும் காட்டும்: சுமார் 8.2 லட்சம். பணம் எடுக்கும் நேரத்தில் சந்தை சரிந்திருந்தால் போட்ட 6 லட்சமே குறையலாம் என்றும் சொல்லும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், பத்தாண்டுக்குப் பின் கிடைக்கும் 11.6 லட்சத்தால் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 6.5 லட்சத்துக்கான பொருளைத்தான் வாங்க முடியும் என்பதையும் விளக்கும்.

ஆலோசனையின் எல்லை பார்வையாளரின் கேள்வியில் தெரியவரும். “சம்பளம் 30,000, கையில் 2 லட்சம் இருக்கிறது, எந்த ஃபண்டில் போடலாம்?” என்று இருவர் கேட்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும் கிரெடிட் கார்டு கடன் இருக்கிறது. அதை அடைப்பதுதான் அவருக்கு முதல் வேலை. மற்றவருக்குக் கடன் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு தங்கையின் திருமணச் செலவுக்கு அந்தப் பணம் வேண்டும். ஏறி இறங்கும் பங்குச் சந்தையில் அதைப் போடுவது ஆபத்து. கேள்வி ஒன்று, பதில் இரண்டு. பதிவு பெற்ற ஆலோசகர் கடன், குடும்பப் பொறுப்பு, காலம், நஷ்டத்தைத் தாங்கும் சக்தி எல்லாவற்றையும் விசாரித்த பிறகே பரிந்துரைக்க வேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான். கேட்பவரின் நிலை தெரியாத சேனல், எதையெல்லாம் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பதோடு நிற்பதே முறை.

“கல்விக்காக மட்டும்” என்று வீடியோவின் அடியில் எழுதிவிடுவதால், பங்கின் பெயரும் வாங்கும் விலையும் சொன்ன பேச்சு கல்வியாகிவிடாது. டீமேட் கணக்கு தொடங்கும் இணைப்பால் சேனலுக்குக் கமிஷன் வருமானால், அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆலோசகர் என்று ஒருவர் சொல்லிக்கொண்டால், INA என்று தொடங்கும் அவருடைய பதிவு எண்ணை செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆலோசனை சொல்லும் உரிமைக்கே அந்த எண் சான்று. லாபத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது.