முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு கடகட

இரவு முழுக்க நின்ற மினி கூப்பர் எஸ் காரைக் காலையில் ஸ்டார்ட் செய்கிறார்கள். பானட்டுக்குள் ஏதோ உதறுவதுபோல் கடகடவென்று ஒரு சத்தம். இஞ்சின் சூடானதும் அது மறைந்துவிடுகிறது. பிஎம்டபிள்யூவும் பிரான்சின் பியூஜோ-சித்ரோயன் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய என்14 டர்போ இஞ்சின், 2007 முதல் வந்த மினிகளில் இந்தச் சத்தத்துக்காகவே பெயர் கெட்டது.

கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியைக் கேம்ஷாஃப்டுக்குக் கொண்டுபோவது டைமிங் செயின். அது தொய்யாமல் பார்த்துக்கொள்வது டென்ஷனர். இதிலுள்ள சிறு பிஸ்டனை ஒரு ஸ்பிரிங்கும் ஆயில் அழுத்தமும் சேர்ந்து தள்ள, செயினை ஒட்டியுள்ள பிளாஸ்டிக் கைடு அதை இறுக்கிப் பிடிக்கும். வண்டி மணிக்கணக்கில் நின்றால் டென்ஷனரிலிருந்து ஆயில் இறங்கிவிடலாம். பிறகு ஸ்டார்ட் செய்யும்போது, அழுத்தம் ஏறும்வரை தாங்குவது ஸ்பிரிங் மட்டுமே. அந்த இடைவெளியில் தொய்ந்த செயின் கைடில் அடித்துக்கொள்கிறது.

அப்படியானால் டென்ஷனரை மாற்றினால் போதுமா? செயின் நல்ல நிலையில் இருந்தால் போதும். ஆனால் செயின் நீண்டிருக்கலாம். மெக்கானிக்குகள் 'செயின் இழுத்துடுச்சு' என்பார்கள். உண்மையில் இரும்பு ரப்பர்போல் இழுபடுவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் உள்ள பின்னும் அது சுழலும் துளையும் தேய்கின்றன. ஓர் இணைப்பில் தேய்மானம் 0.02 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 100 இணைப்புகளில் அது 2 மி.மீ. நீளமாகிவிடும். அந்தத் தொய்வைப் பிடிக்க டென்ஷனர் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே போகும். அதன் பயணத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

என்14 இஞ்சினில் இதை அளந்தே பார்க்கலாம். டென்ஷனரைக் கழற்றி, அந்தத் துளையில் அளவுக் கருவியைத் திருகி, மிக லேசாக 0.6 நியூட்டன் மீட்டர் மட்டும் முறுக்கிச் செயினை இறுக்க வேண்டும். கருவி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதே செயினின் நிலை. அளவு 68 மி.மீ.யைத் தாண்டினால் செயின், கைடு, டென்ஷனர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறது பிஎம்டபிள்யூ. அளக்காமல் புது டென்ஷனரை மட்டும் போடுவது ஆபத்தான சிக்கனம். சத்தம் கொஞ்ச காலம் அடங்கும், தேய்ந்த செயின் உள்ளேயே இருக்கும். பிறகு கைடு உடையலாம். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ஸ்கேனரில் P0016 வந்தால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். நீண்ட செயின் அதற்கு ஒரு காரணம்.

எல்லாக் காலைச் சத்தமும் செயினுடையது அல்ல. ஹோண்டாவின் சில 2.4 லிட்டர் இஞ்சின்களில் முதல் ஸ்டார்ட்டில் கரகரப்பது, கேம் நேரத்தை மாற்றும் விடிசி என்ற பாகத்தின் பூட்டுப் பின் சரியாக விழாததால்தான்; அங்கே செயினை மாற்றிப் பயனில்லை.

மினிக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது டிப்ஸ்டிக்கைத்தான். ஆயிலைக் குடிப்பதில் இந்த இஞ்சின் பெயர்போனது. ஆயில் குறைந்தால் டென்ஷனருக்குப் போதிய அழுத்தம் கிடைக்காது.