பதினான்காவது கேள்விக்கு இரண்டு சொல் பதில்

ஒரு நடுத்தர நகராட்சியில் குடிநீர்த் திட்டத்துக்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி ஒன்று கட்ட வேண்டும். தெருக்களில் 18 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதிக்க வேண்டும். மதிப்பீடு 12 கோடி ரூபாய். ஊரும் தொகையும் மாதிரிக்காகச் சொன்னவை. ஆனால் இங்கே வரும் கேள்விகள், டெண்டர் போடும் ஒப்பந்ததாரர்கள் கூடும் எந்த அரங்கிலும் கேட்கக்கூடியவை.

டெண்டர் போடுவதற்கான கடைசி நாளுக்கு முன்பாக, விருப்பமுள்ள ஒப்பந்ததாரர்களை நகராட்சிப் பொறியாளர் அழைத்துப் பேசுகிறார். அலுவலகங்களில் இதை ‘ப்ரீ-பிட் மீட்டிங்’ என்பார்கள். ஆவணத்தில் புரியாத இடங்களைக் கேட்கலாம், நடைமுறைக்கு ஒத்துவராத நிபந்தனைகளைச் சுட்டிக்காட்டலாம். சில நாள் கழித்து அந்தக் கேள்விகளும் பதில்களும் ‘மினிட்ஸ்’ என்ற பெயரில் ஓர் அட்டவணையாக வெளிவரும். வரிசை எண், ஆவணத்தின் பக்கமும் பிரிவும், அங்கே எழுதியிருப்பது, கேள்வி, பதில் என்று ஐந்து கட்டங்கள்.

பதினான்காவது வரிசையில் இப்படி இருக்கிறது. கேள்வி: “குழாய் பதிக்க வெட்டும் சாலையைத் திரும்பப் போடும் செலவு யாருடையது? விலை அட்டவணையில் அதற்கான இனம் இல்லை.” பதில்: “ஒப்பந்ததாரர் பொறுப்பு.”

இந்த இரண்டு சொல்லுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18,000 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம் என்றால் 16,200 சதுர மீட்டர் சாலை. ஒரு சதுர மீட்டரைத் திரும்பப் போட 700 ரூபாய் என்று கொண்டால் 1 கோடியே 13 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். 12 கோடி ரூபாய் வேலையில் இது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. குழாய் வேலையில் ஒப்பந்ததாரர் எதிர்பார்க்கும் லாபத்தையே விழுங்கிவிடக்கூடிய தொகை.

கூட்டத்துக்கு வந்தவர்கள் அந்தத் தொகையைச் சேர்த்துத்தான் விலை எழுதுவார்கள். வராத ஒருவர் டெண்டர் ஆவணத்தை மட்டும் வரிக்கு வரி படித்து, சாலை இனம் இல்லாததால் அதை விட்டுவிட்டு எழுதுகிறார். அவருடைய விலைதான் எல்லாவற்றிலும் குறைவாக இருக்கும். வேலையும் அவருக்கே போகும். ஆறு மாதம் கழித்துத் தெருவெல்லாம் பள்ளமாகக் கிடக்கும்போது, “சாலை போடுவது என் வேலை இல்லை, என் ஒப்பந்தத்தில் அது கிடையாது” என்பார். நகராட்சி மினிட்ஸை எடுத்து நீட்டும். “அது கூட்டக் குறிப்பு, ஒப்பந்தம் அல்ல” என்பார் அவர். மழைக்காலத்தில் அந்தத் தெருவில் நடக்கிறவர்களுக்கு, பள்ளம் ஏன் இன்னும் மூடப்படவில்லை என்பதற்கான காரணம் அந்தப் பதினான்காவது வரிசையில் இருப்பது தெரியாது.

ஒப்பந்ததாரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உலக வங்கிக் கடனில் நடக்கும் பணிகளுக்கான மாதிரி டெண்டர் ஆவணங்கள் இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகின்றன: கூட்டத்தின் விளைவாக ஆவணத்தில் எதையாவது மாற்ற வேண்டி வந்தால், அதைத் தனியான திருத்த அறிவிப்பு வழியாக மட்டுமே செய்ய வேண்டும், கூட்டத்தின் மினிட்ஸ் வழியாகச் செய்யக்கூடாது. கூட்டத்துக்கு வராததைக் காரணம் காட்டி ஒருவரைத் தகுதி நீக்கம் செய்யவும் கூடாது. இந்த இரண்டு விதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. வருவது கட்டாயம் இல்லை என்றால், வந்தவருக்கு மட்டும் தெரிந்த ஒரு நிபந்தனை இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன் கீழ் 2000-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. டெண்டர் திறப்பதற்கு முன் ஆவணத்தை மாற்ற அதிகாரிக்கு அவ்விதிகள் இடம் தருகின்றன. ஆனால் மாற்றத்தை ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் தெரிவித்தாக வேண்டும். ஒருவர் கேட்ட விளக்கத்துக்குத் தரும் பதிலும், கேட்டவர் யார் என்று காட்டாமல், எல்லோருக்கும் போக வேண்டும். பெயரை மறைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. யார் யார் போட்டியில் இருக்கிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அவர்கள் தங்களுக்குள் பேசி விலையை முடிவு செய்துகொள்ள அது வசதியாகிவிடும். கேள்விகளில் பெயரை எடுத்துவிட்டு, வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியலை மினிட்ஸின் பின்னால் இணைப்பது அந்தக் காரணத்தையே அடித்துவிடுகிறது.

எது விளக்கம், எது மாற்றம்? மினிட்ஸ் எழுதும் பொறியாளரின் திறமை முழுவதும் இதைப் பிரிப்பதில்தான் இருக்கிறது. டெண்டர் ஆவணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கவனமாகப் படிக்கும் ஒருவர் அந்தப் பதிலைத் தானாகவே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முடியும் என்றால் அது விளக்கம். முடியாது என்றால், எவ்வளவு சிறிய பதிலாக இருந்தாலும், அது மாற்றம்.

அதே மினிட்ஸின் ஏழாவது கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் கே-7 ரக டி.ஐ. குழாய் என்று இருக்கிறது. விலை அட்டவணையிலோ கே-9. இரண்டும் வார்ப்பிரும்புக் குடும்பத்தைச் சேர்ந்த குழாய்கள்தான் என்றாலும் கே-9 சுவர் தடித்தது, விலையும் கூடுதல். எது சரி? “கே-9” என்று பதில். பார்த்தால் பெரிய மாற்றம் போலத் தோன்றும். ஆனால் ஆவணத்தின் பொது நிபந்தனைகளில், முரண்பாடு வந்தால் வரைபடத்தைவிட விலை அட்டவணையே மேலானது என்று ஒரு வரி இருந்தால், இது வெறும் விளக்கம்தான். ஆவணமே ஏற்கெனவே பதிலைச் சொல்லிவிட்டது. அந்த வரி இல்லையென்றால், அல்லது முன்னுரிமை வரைபடத்துக்கு என்று இருந்தால், அதே பதில் மாற்றமாகிவிடுகிறது. அப்போது திருத்திய வரைபடமோ அட்டவணையோ திருத்த அறிவிப்போடு வெளிவர வேண்டும். பதில் ஒன்றேதான், அதன் வகையைத் தீர்மானிப்பது ஆவணத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கும் வரி.

மூன்றாவது கேள்வி இன்னும் கனமானது. இது போன்ற தொட்டி ஒன்றைக் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டி முடித்திருக்க வேண்டும் என்பது தகுதி நிபந்தனை. இதை ஏழு ஆண்டு ஆக்க முடியுமா என்று கேட்கிறார்கள். “ஏற்றுக்கொள்ளப்பட்டது” என்று பதில். கேட்டவருக்கு மகிழ்ச்சி. ஆனால் ஆறு ஆண்டுக்கு முன் தொட்டி கட்டிய இன்னொருவர், ஐந்து ஆண்டு என்பதைப் படித்ததுமே டெண்டரை மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார். கூட்டத்துக்கு அவர் வரவே இல்லை. வருவதற்கு அவருக்குக் காரணமும் இல்லை.

இந்த வெளியே நிற்கும் ஆளைப் பற்றித்தான் உச்ச நீதிமன்றம் 1979-இல் பேசியது. ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு. பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாம் தர உணவகம் ஒன்றையும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளையும் நடத்த டெண்டர் கேட்டார்கள். பதிவு பெற்ற இரண்டாம் தர ஓட்டல்காரராக இருக்க வேண்டும், ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும் என்பது நிபந்தனை. மாதம் 6,666 ரூபாய் 66 காசு தருவதாக எழுதியவருக்கு உரிமம் கிடைத்தது. அவர் பல ஆண்டுகளாக கேன்டீன் நடத்தியவர். ஆனால் அந்த நிபந்தனைக்குள் வராதவர். வழக்குப் போட்டவர் டெண்டரே போடாதவர். இந்த நிபந்தனை கட்டாயமில்லை என்று தெரிந்திருந்தால் தானும் போட்டியிட்டிருக்கலாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். தான் அறிவித்த அளவுகோலை அரசு அமைப்பு தானே மீறக்கூடாது என்று நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு சொன்னது. தாமதமாக நீதிமன்றம் வந்தார் என்பதையும் கருதி அவருக்கு நிவாரணம் தரவில்லை. ஆனாலும் அந்த விதி நிலைத்துவிட்டது. மினிட்ஸுக்குள் ஒரு தகுதி நிபந்தனையைத் தளர்த்திவிட்டுத் திருத்த அறிவிப்பு போடாமல் இருப்பது, அதே தவறைக் கூட்ட அரங்கில் வைத்துச் செய்வதுதான்.

திருத்தம் வந்துவிட்டால் மட்டும் போதாது, நாளும் வேண்டும். தமிழ்நாட்டு விதிகளின்படி 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட டெண்டருக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குக் கீழே 15 நாள். நம் நகராட்சி முதல் நாள் அறிவித்து, பன்னிரண்டாம் நாள் கூட்டம் போட்டு, இருபத்தாறாம் நாள் ஏழு ஆண்டு என்று திருத்துகிறது என்றால், புதிதாகத் தகுதி பெற்றவருக்கு நான்கு நாள்தான் மிஞ்சும். அனுபவச் சான்று, வங்கி உத்தரவாதம், இடத்தைப் பார்த்து வருவது எல்லாம் நான்கு நாளில் முடியாது. கடைசி நாளைத் தள்ளி வைக்காத திருத்தம் காகிதத்தில் மட்டும் கதவைத் திறக்கிறது.

ஒரு பதிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: “டெண்டர் நிபந்தனைப்படி.” பெரும்பாலான மினிட்ஸில் பாதிக் கட்டங்களை நிரப்பியிருப்பது இதுதான். சலுகை கேட்டவருக்கு இப்படிச் சொன்னால் ‘முடியாது’ என்று நேராகப் பொருள். அதில் குறை இல்லை. ஆனால் “18 மாதக் கால அளவில் மழைக்கால மாதங்களும் சேர்ந்ததா?” என்று கேட்டவருக்கு, நிபந்தனையில் அது இல்லாதபோது, “டெண்டர் நிபந்தனைப்படி” என்பது பதிலே இல்லை. கெட்டிக்கார ஒப்பந்ததாரர் மழை மாதங்களின் செலவையும் தாமத அபராதத்தையும் விலையில் ஏற்றிக்கொள்வார். பொறியாளர் எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு ஊர் பணம் கட்டும்.

நன்றாக எழுதிய மினிட்ஸில் ஆறாவது கட்டம் ஒன்று இருக்கும்: இந்தப் பதில் டெண்டரை மாற்றுகிறதா, மாற்றினால் எந்தத் திருத்த அறிவிப்பின் எந்தப் பத்தியில் என்று. ஏழாவது கேள்விக்கு எதிரே “மாற்றம் இல்லை, முன்னுரிமைப் பிரிவின்படி” என்று இருக்கும். மூன்றாவதுக்கு எதிரே “மாற்றம், திருத்த அறிவிப்பு 1, பத்தி 1, கடைசி நாள் நீட்டிப்பு பத்தி 3”. பதினான்காவதுக்கு எதிரே “மாற்றம், பத்தி 2” என்று இருக்கும். அந்தப் பத்தியில் “ஒப்பந்ததாரர் பொறுப்பு” என்ற சொற்கள் இருக்கத் தேவையில்லை. விலை அட்டவணையில் புதிய இனமாக, சாலை மீளமைப்பு 16,200 சதுர மீட்டர் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எல்லோரும் ஒரே அளவுக்கு விலை எழுதுவார்கள்; வேலை முடிந்தபின் அளந்து பணம் கொடுக்கலாம்; நீளம் குறைந்தால் பணமும் குறையும். அட்டவணை மாறியதால், ஏற்கெனவே விலை எழுதிப் போட்டவர்கள் புதிய கோப்பை இறக்கி மறுபடி போட வேண்டும் என்பதையும் அறிவிப்பில் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுத் துறைகளின் டெண்டர்களை tntenders.gov.in தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒப்பந்ததாரராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் குழாய்க்கோ சாலைக்கோ பள்ளிக் கட்டடத்துக்கோ டெண்டர் வந்தால், மினிட்ஸை ஒரு பக்கமும் திருத்த அறிவிப்பை இன்னொரு பக்கமும் வைத்துப் பாருங்கள். மினிட்ஸில் “ஏற்றுக்கொள்ளப்பட்டது”, “ஒப்பந்ததாரர் பொறுப்பு”, “சேர்த்துக்கொள்ளவும்” என்று வரும் ஒவ்வொரு வரிக்கும் திருத்த அறிவிப்பில் ஒரு பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், டெண்டர் திறக்கும் நாளுக்கு முன்பே நகராட்சிக்கு எழுதிக் கேளுங்கள். திறந்த பிறகு அந்த நிபந்தனையைச் சரிசெய்ய வழி இல்லை.