போனில் ஒளி இழக்கும் தீப்பந்தங்கள்

குகைக்குள் நடக்கும் ஒரு விளையாட்டு. சுவரில் மூன்று தீப்பந்தங்கள், தரையில் அவற்றின் மஞ்சள் வெளிச்சம், இடையிடையே நீலம் கலந்த இருட்டு. உருவாக்குபவரின் கணினியில், எடிட்டர் திரையில், எல்லாம் நினைத்தபடியே இருக்கிறது. அதையே பில்ட் செய்து ஆண்ட்ராய்டு போனில் திறந்தால் ஒரு பந்தம் மட்டும்தான் தரையில் ஒளி வீசுகிறது. மற்ற இரண்டும் வெறும் படங்களாக நிற்கின்றன; அவற்றின் கீழே தரை கிட்டத்தட்டக் கறுப்பு. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை.

இந்த இடத்தில் பலரும் செய்வது விளக்குகளின் ஒளி அளவைக் கூட்டுவது. அப்படிக் கூட்டினால் எடிட்டரில் குகை வெளிறிப்போகும், போனில் எரியும் அந்த ஒரு பந்தம் கண்ணைக் கூசும், மற்ற இரண்டும் முன்போலவே இருட்டாக இருக்கும். ஒளி எங்கே தொலைகிறது என்று தெரியாமல் அதன் அளவில் கை வைத்துப் பயனில்லை.

தேடலை ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் தொடங்கலாம். போனில் விளையாட்டு ஓடும்போது எடுத்த படத்தைக் கணினிக்குக் கொண்டுவந்து, எடிட்டரில் எடுத்த படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போனைக் கேபிளில் இணைத்திருந்தால் இந்த ஒரு கட்டளை போதும்:

```
adb exec-out screencap -p > phone.png
```

ஸ்கிரீன்ஷாட்டில் பதிவாவது போன் கணக்கிட்ட நிறங்கள். திரையின் பிரகாசம் அதில் சேராது. கணினியில் பார்க்கும்போது இரண்டு படங்களும் ஒன்றுபோல் இருந்தால், விளையாட்டு ஒளியைச் சரியாகவே கணக்கிட்டிருக்கிறது. குறை போன் திரையின் பிரகாசத்தில். போனில் எடுத்த படம் கணினியிலும் இருட்டாகவே தெரிந்தால் குறை பில்டுக்குள் இருக்கிறது. குகை விளையாட்டில் நேர்வது இந்த இரண்டாவது வகை.

இதற்கான காரணம் யூனிட்டி என்ற மென்பொருளின் வரலாற்றோடு சேர்ந்தது. யூனிட்டி 2005இல் முப்பரிமாண விளையாட்டுகளுக்கான கருவியாக வெளிவந்தது. இருபரிமாணத்துக்கான தனி வசதிகள் 2013இல், 4.3 பதிப்பில்தான் சேர்ந்தன. ஸ்பிரைட் எனப்படும் தட்டையான படம் அதற்குள் ஒரு மெல்லிய முப்பரிமாணப் பொருளாகவே நடத்தப்படுகிறது. சதுரமான ஒரு தரைப் படம் என்பது நான்கு மூலைப் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் இரண்டு முக்கோணங்களும்தான். Built-in என்று அழைக்கப்படும் பழைய வரைமுறையில், இந்தப் படத்துக்கு Sprites/Diffuse என்ற மெட்டீரியலைக் கொடுத்து, முப்பரிமாண உலகின் Point Light விளக்குகளை அதன் முன்னால் வைத்தால் படத்தின் மேல் வெளிச்சம் விழும். எண்ணற்ற இருபரிமாண விளையாட்டுகளுக்கு இப்படித்தான் ஒளியூட்டினார்கள்.

ஒரு விளக்கின் ஒளியை இந்த முறை இரண்டு விதமாகக் கணக்கிடும். முதலாவது, பிக்சல் பிக்சலாக. திரையில் தரை தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் விளக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்து ஒளியைத் தீர்மானிக்கும். படம் அழகாக வரும், செலவும் அதிகம்: அப்படிக் கணக்கிடப்படும் ஒவ்வொரு பந்தத்துக்கும் தரை முழுதும் இன்னொரு முறை வரையப்படும். இரண்டாவது, மூலைகளில் மட்டும். நான்கு மூலைகளுக்கு மட்டும் ஒளியைக் கணக்கிட்டு, நடுப்பகுதியை அந்த நான்கு எண்களிலிருந்து நிரவிவிடும். செலவு மிகக் குறைவு. ஆனால் இது வயலின் நான்கு மூலைகளில் மட்டும் மழைமானி வைத்துவிட்டு, நடு வயலில் பெய்த மழையை அளப்பது போன்றது.

குகைத் தரையை எண்களோடு பார்த்தால் இது தெளிவாகும். தரை 10 அலகு நீளமும் 10 அலகு அகலமும் கொண்ட ஒரே ஸ்பிரைட் என்று கொள்வோம். அதன் நடுவே ஒரு பந்தம். அதன் ஒளி எட்டும் தூரம் 4 அலகு. நடுவிலிருந்து ஒரு மூலைக்கு உள்ள தூரம் ஏறத்தாழ 7 அலகு. பிக்சல் பிக்சலாகக் கணக்கிட்டால் நடுவில் 4 அலகு ஆரத்துக்கு அழகான ஒளிவட்டம் விழும். மூலைகளில் மட்டும் கணக்கிட்டாலோ, நான்கு மூலைகளுக்கும் ஒளி ஏறக்குறைய எட்டுவதே இல்லை. நான்கு எண்களும் பூஜ்யத்தை ஒட்டியிருக்க, அவற்றை நிரவிக் கிடைக்கும் நடுப்பகுதியும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பந்தத்துக்கு நேர் கீழே தரை இருண்டு கிடப்பது இதனால்தான்.

எந்த விளக்குக்கு எந்தக் கணக்கு என்பதைத் தீர்மானிப்பது Edit > Project Settings > Quality பக்கத்தில் உள்ள Pixel Light Count என்ற எண். ஒரு பொருளின் மேல் அதிகபட்சம் எத்தனை விளக்குகள் பிக்சல் கணக்கைப் பெறலாம் என்று அது சொல்கிறது. அந்தப் பக்கத்தில் Very Low முதல் Ultra வரை ஆறு தர நிலைகள் உண்டு. பழைய இயல்பு அமைப்பில் இந்த எண் முறையே 0, 0, 1, 2, 3, 4. ஒவ்வொரு தளத்துக்கும் எந்த நிலை என்பதும் அங்கேயே முன்கூட்டிக் குறிக்கப்பட்டிருக்கிறது: கணினிக்கு Ultra, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் Medium. அதாவது கணினியில் நான்கு விளக்குகள், போனில் ஒன்று. குகையில் பந்தங்கள் மூன்று என்பதால் எடிட்டரில் மூன்றும் முழுத் தரத்தோடு எரிகின்றன. போனில் தரையின் மேல் மிகப் பிரகாசமாக விழும் ஒன்று மட்டும் பிழைத்து, மற்றவை மூலைக் கணக்குக்குத் தள்ளப்படுகின்றன.

இந்தக் கோளாறு சில அடையாளங்களை விட்டுச்செல்லும். தரை பல துண்டுகளாக இருந்தால், ஒரு துண்டில் ஒரு பந்தத்தின் ஒளியும் அடுத்த துண்டில் வேறொரு பந்தத்தின் ஒளியும் தெரியும். இரண்டும் சேரும் கோட்டில் ஒளிவட்டம் கத்தியால் வெட்டியது போல நிற்கும். பந்தங்கள் படபடத்து எரியும்படி ஒளி அளவைச் சற்றே ஏற்றி இறக்கினால், எது பிரகாசமானது என்ற வரிசை மாற மாற வெளிச்சம் ஒரு பந்தத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். திரை மங்கலாக இருப்பதால் இவை இரண்டும் நேரவே நேராது.

சந்தேகத்தை உறுதி செய்ய, போனில் எந்தத் தர நிலை ஓடுகிறது என்பதைத் திரையிலேயே எழுதச் சொல்லலாம்:

```csharp
void OnGUI()
{
    GUILayout.Label(
        QualitySettings.names[QualitySettings.GetQualityLevel()]
        + " / " + QualitySettings.pixelLightCount);
}
```

எடிட்டரில் "Ultra / 4" என்றும் போனில் "Medium / 1" என்றும் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் பில்ட் செய்து காத்திருக்க வேண்டியதில்லை. எடிட்டரின் Quality பக்கத்தில் Medium என்ற பெயரைச் சொடுக்கினால், போனில் கண்ட அதே இருட்டு கணினியிலும் வந்துவிடும். போனுக்கான ஒளியமைப்பை அந்த நிலையில் வைத்தே செய்வது நல்லது.

தீர்வுகளில் எளியது, Medium நிலையின் எண்ணை 1இலிருந்து 3 ஆக்குவது. மூன்று பந்தங்களுக்கு அது சரி. ஒரே தரையின் மேல் பத்து விளக்குகள் விழும் விளையாட்டில் எண்ணைப் பத்தாக்கினால், தரை ஒவ்வொரு விளக்குக்கும் ஒருமுறை மீண்டும் வரையப்பட்டு, விலை குறைந்த போன்களில் ஆட்டம் திக்கித் திணறும். அங்கே விளக்குகளைத் தரம் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் Render Mode என்ற அமைப்பு உண்டு. வீரன் கையில் ஏந்திய விளக்குக்கு அதில் Important என்று கொடுத்தால், எண் எவ்வளவாக இருந்தாலும் அது பிக்சல் கணக்கைப் பெறும். தொலைவில் அழகுக்காக மின்னும் விளக்குக்கு Not Important போதும். இதோடு பெரிய தரையைச் சிறு துண்டுகளாக வெட்டுவதும் உதவும்: ஒரு துண்டைத் தொடும் விளக்குகள் குறையும், மூலைகளும் விளக்குகளுக்கு அருகே வரும்.

புதிய வரைமுறையான URPயின் 2D Renderer இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. அதில் Light 2D விளக்குகள் எல்லாம் முதலில் தனியான ஓர் ஒளிப்படத்தில் வரையப்படும். ஸ்பிரைட்டுகள் அந்த ஒளிப்படத்தைப் பார்த்துத் தம் நிறத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு பொருளுக்கு இத்தனை விளக்குகள் என்ற வரம்பு அங்கே இல்லை. ஆனால் அங்கும் கணினிக்கும் போனுக்கும் தனித்தனி அமைப்புக் கோப்புகள் இருக்கலாம். போனுக்கானதில் HDR நீக்கப்பட்டிருந்தால் இருட்டு வேறு வழியாக வந்து சேரும். HDR இருக்கும்போது தீயின் பிரகாசம் 3 என்றால் 3 ஆகவே நிற்கும். இல்லாதபோது 1க்கு மேற்பட்ட எல்லாம் 1 என்று வெட்டப்படும். தீயைச் சுற்றிப் பரவும் ஒளிர்வைத் தரும் Bloom, இயல்பாக 0.9க்கு மேற்பட்டதை எடுத்துத்தான் பரப்புகிறது. முதல் நிலையில் அதற்குக் கிடைப்பது 2.1, இரண்டாவதில் 0.1 மட்டுமே. விளக்குகள் சரியாக எரிந்தாலும் அவற்றைச் சுற்றியிருந்த ஒளிர்வு போய்விடுவதால் குகை முழுதும் இருண்டது போல் தெரியும். போனின் அமைப்பில் HDRஐ இயக்குவது ஒரு வழி. அது போனுக்குச் சுமையானால், தீயைச் சுற்றி ஒளிவட்டம் போன்ற ஒரு மெல்லிய படத்தை வைத்து Bloom இல்லாமலே அந்தத் தோற்றத்தைக் கொண்டுவரலாம்.

ஸ்கிரீன்ஷாட்டுகள் இரண்டும் ஒன்றாகவே இருந்தால், இந்த அமைப்புகள் எதையும் தொட வேண்டாம். இருண்ட அறையில் நல்ல மானிட்டரில் பார்த்துச் செய்த இருட்டு, பகலில் பேருந்து ஜன்னலோரம் பிடித்த போனில் வெறும் கறுப்பாகத் தெரிவது இயல்பு. பார்த்தே ஆக வேண்டிய பள்ளங்களும் எதிரிகளும் அந்த இருட்டில் புதையாதபடி, அடிப்படை ஒளியைச் சற்று உயர்த்த வேண்டும். எவ்வளவு என்பதை, பிரகாசத்தைப் பாதியில் வைத்த ஒரு சாதாரண போனை வெயிலில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யலாம். அமைப்புப் பக்கத்தில் ஆடுபவரே கூட்டிக் குறைக்க ஒரு பிரகாச அளவும் வைத்துவிட்டால், இரவில் ஆடுபவருக்குக் குகை குகையாகவே இருக்கும்.