பிறந்த மருத்துவமனை எந்த எல்லையில் இருந்தது?

இந்தியாவில் ஒரு குழந்தையின் பிறப்பு, பெற்றோர் குடியிருக்கும் ஊரில் பதிவாவதில்லை. பிரசவம் நடந்த இடம் எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கேதான் பதிவாகிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இப்படித்தான் வகுத்திருக்கிறது. மருத்துவமனையில் பிறந்தால், 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தகவல் தருவது அந்த மருத்துவமனைப் பொறுப்பாளரின் கடமை. ஆகவே சான்றிதழில் ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்தில் வரும் மருத்துவமனை முகவரி, பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இதில் குழப்பம் வர ஒரு குடும்ப வழக்கமும் காரணம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். மகள் வேலூரில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து சென்னைப் பக்கம் வந்து பிள்ளை பெற்றுத் திரும்புவாள். பல ஆண்டுகள் கழித்துச் சான்றிதழ் தேவைப்படும்போது, அப்பா வீட்டு ஊரான வேலூரில் தேடுவார்கள். அங்கே பதிவு இருக்காது.

1986இல் ஆலந்தூரில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பிறந்த பெண் ஒருவரை வைத்துப் பார்க்கலாம். நர்சிங் ஹோம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டில் மிஞ்சியிருப்பது டிஸ்சார்ஜ் சீட்டும், தடுப்பூசி அட்டையும், ஜாதகமும். சீட்டின் தலைப்பில் ‘மெட்ராஸ்’ என்றும் 600 என்று தொடங்கும் அஞ்சல் எண்ணும் இருக்கின்றன. இதைப் பார்த்தவுடன் சென்னை மாநகராட்சியின் பழைய பதிவேடுகளில் தேடச் சொல்லத் தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அஞ்சல் முகவரி வேறு, ஆட்சி எல்லை வேறு. 1986இல் ஆலந்தூர் தனி நகராட்சி, மாவட்டம் செங்கல்பட்டு. 1997இல் அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018இல்தான் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. பிறப்பு பதிவானது பழைய நகராட்சியின் ஏட்டில். இன்று அதை விசாரிக்க வேண்டிய இடம் மாநகராட்சியின் ஆலந்தூர் மண்டல அலுவலகம்.

எனவே முதலில் உறுதி செய்ய வேண்டியது, பிறந்த நாளில் அந்தக் கட்டடம் எந்தத் தெருவில், எந்த உள்ளாட்சியில் இருந்தது என்பதே. மருத்துவமனை இன்று வேறு இடத்துக்கு மாறியிருந்தாலும், பெயர் மாறியிருந்தாலும், கைப்பேசி வரைபடம் காட்டும் இன்றைய முகவரி பயன்படாது. கிளைகள் உள்ள மருத்துவமனை என்றால் சீட்டின் தலைப்பில் தலைமை இடத்தின் முகவரி இருக்கலாம். பிரசவம் நடந்த கிளை எது என்று தாயிடம் கேட்டுவிட வேண்டும். வழக்குப் பெயரும் தடுமாற வைக்கும். சென்னையில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று பாட்டிமார் சொல்வது, ஏட்டில் அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, திருவல்லிக்கேணி. ஜாதகத்தில் ஊரும் நேரமும் இருக்கும். அது தேடுவதற்குத் துப்பு ஆகும், அத்தாட்சி ஆகாது.

மருத்துவமனையிடமே கேட்கலாமே என்றால், உள்நோயாளிக் குறிப்புகளை மருத்துவர்கள் 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதே 2002ஆம் ஆண்டின் மருத்துவ மன்ற விதி. நாற்பது ஆண்டுக்கு முந்தைய கேஸ் ஷீட்டை எதிர்பார்ப்பதில் பயனில்லை. நம்பத்தக்கது பதிவாளரின் ஏடுதான். தேடக் கேட்டு விண்ணப்பிக்கும்போது பிறந்த தேதி, பெற்றோர் இருவர் பெயர், அன்றைய மருத்துவமனைப் பெயர், தெரு ஆகியவற்றை எழுத வேண்டும். பழைய ஏடுகளில் குழந்தையின் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஆகவே பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லித் தேடச் சொன்னால் கிடைக்காது.

பதிவு கிடைத்து, அதில் மருத்துவமனையின் தெரு தவறாக இருந்தால், சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் திருத்தம் கேட்கலாம். மூலப் பதிவை அடிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்தும் தேதியும் இடுவார்கள். ஊரின் பெயரோ மாவட்டமோ பிற்பாடு மாறியது பிழை ஆகாது; அதற்குத் திருத்தம் தேவையில்லை.

பதிவே இல்லை என்றால், சரியான அலுவலகத்தில் ‘பதிவு இல்லை’ சான்று வாங்கி, வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை பெற்றுத் தாமதப் பதிவு செய்ய வேண்டும். வேலூரில் வாங்கிய ‘இல்லை’ சான்றை வைத்து ஆலந்தூரில் பிறந்தவர் ஆணை கேட்பது வீண் அலைச்சல்.

இன்று பிள்ளை பெற்றவர்கள், மருத்துவமனை தகவல் அனுப்பும் முன்பே படிவத்தை ஒருமுறை வாங்கிப் பார்ப்பது நல்லது. பிறந்த இடம், பிறந்தபோது பெற்றோர் முகவரி, நிரந்தர முகவரி என மூன்றும் தனித்தனிக் கட்டங்கள். முதல் கட்டத்தில் பிரசவம் நடந்த கட்டடத்தின் கதவெண்ணும் தெருவும்தான் இருக்க வேண்டும்.