பாய்லர் மாறியது, புகைப்போக்கி மாறவில்லை

ஒரு கனமீட்டர் இயற்கை எரிவாயு எரியும்போது சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. வாயுவில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் இது. பழைய பாய்லர்களில் இந்தத் தண்ணீரை யாரும் பார்த்ததில்லை. 180 டிகிரி சூட்டில் ஆவியாகவே புகைப்போக்கியில் ஏறி, வானத்தில் கலந்துவிடும். கூடவே ஆவிக்குள் இருந்த வெப்பமும் வீணாகப் போகும்.

அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளத்தான் கண்டென்சிங் பாய்லர் வந்தது. புகையை 55 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் ஆவி நீராகத் தொடங்கும். எரிபொருள் செலவு குறையும். இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல், வீடுகளில் புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர்கள் பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் என்று பெரிய கட்டடங்களின் பாய்லர் அறைகளும் அதே பாதையில் போயின. புகையின் சூடு 180 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு இறங்கியதுமே அந்த அறையின் பழைய கணக்குகள் எல்லாம் செல்லாமல் போய்விட்டன. காற்று வரும் வழி, புகை போகும் வழி, தண்ணீர் வடியும் வழி மூன்றையும் புதிதாகப் பார்க்க வேண்டும். பழைய பாய்லரைக் கழற்றிவிட்டுப் புதியதை அதே செங்கல் புகைப்போக்கியில் மாட்டிவிடும் இடங்களில்தான் தொல்லை தொடங்குகிறது.

வட இங்கிலாந்தில் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். தரைத்தளத்தில் பாய்லர் அறை, 12 மீட்டர் உயரப் புகைப்போக்கி. தலா 200 கிலோவாட் எரிபொருள் வெப்பம் வாங்கும் இரண்டு புதிய பாய்லர்கள், இரண்டுக்கும் ஒரே புகைக்குழாய். இங்கே கவனிக்க வேண்டியது, 200 கிலோவாட் என்பது பாய்லருக்குள் போகும் வெப்பம். விளம்பர ஏட்டில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வெளியே வரும் வெப்பம்தான். காற்றுக்கும் புகைக்கும் கணக்குப் போடும்போது உள்ளே போவதையே எடுக்க வேண்டும்.

முதலில் காற்று. 400 கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் 41 கனமீட்டர் வாயு எரியும். அதை முழுமையாக எரிக்க, சற்றுக் கூடுதலாகவே காற்று கொடுத்தால், மணிக்கு ஏறத்தாழ 500 கனமீட்டர் காற்று வேண்டும். பிரிட்டிஷ் தரவிதி இதை எளிய அளவுகோலாகத் தருகிறது. இயற்கைக் காற்றோட்டம் உள்ள பாய்லர் அறையில், ஒரு கிலோவாட்டுக்குத் தரையருகே 4 சதுர சென்டிமீட்டர், கூரையருகே 2 சதுர சென்டிமீட்டர் திறப்பு வேண்டும். நம் பள்ளிக்குக் கீழே 1600, மேலே 800. கீழ்த் திறப்பு எரிவதற்கான காற்றை உள்ளே விடும். மேல் திறப்பு அறையின் புழுக்கத்தை வெளியேற்றும்.

இந்த 1600 என்பது காற்று உண்மையாகப் புகும் பரப்பு. சுவரில் பொருத்தும் லூவரில் பட்டைகள் பாதி இடத்தை மறைத்துவிடும் என்றால், சட்டம் 3200 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; அதாவது பக்கத்துக்கு 57 சென்டிமீட்டர். வரைபடத்தில் சட்டத்தின் அளவையே காற்றின் அளவாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. பூச்சிக்காகப் பின்னால் மெல்லிய வலை அடித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இலையும் தூசும் ஒட்டி, ஒரே இலையுதிர் காலத்தில் வலை அடைந்துவிடும்.

அடைந்தால் என்ன ஆகும்? பாஸ்கல் என்ற அளவு இங்கே உதவும். தண்ணீர் நிரப்பிய வளைகுழாயின் ஒரு வாயில் 10 பாஸ்கல் அழுத்தம் கொடுத்தால், இரு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு வரும். அவ்வளவு சிறிய அழுத்தங்களில்தான் பாய்லர் அறை இயங்குகிறது. 1600 சதுர சென்டிமீட்டர் திறந்திருந்தால், வேண்டிய காற்று ஒரு பாஸ்கலுக்குச் சற்று மேலான இழப்போடு உள்ளே வந்துவிடும். குளிருக்குப் பயந்து மேல் திறப்பை யாரோ அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள், கீழே பாதி இலையால் மூடியிருக்கிறது என்றால் இழப்பு 5 பாஸ்கல். கீழ்த் திறப்பில் கால்பங்கு மட்டுமே மிஞ்சினால், இழப்பு 20 பாஸ்கலைத் தாண்டும்.

இருபது பாஸ்கல் என்பது சொற்பமாகத் தெரியலாம். புகைப்போக்கி எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தால் அதன் கனம் விளங்கும்.

புகைப்போக்கியின் இழுவைக்குக் காரணம் எடை வித்தியாசம். 5 டிகிரி குளிரில் வெளியே ஒரு கனமீட்டர் காற்று 1.27 கிலோ எடை. 180 டிகிரி புகை 0.78 கிலோ. இந்த வித்தியாசம் 12 மீட்டர் உயரத்துக்குச் சேர்ந்தால், 57 பாஸ்கல் இழுவை கிடைக்கும். பழைய பாய்லர் மின்விசிறியே இல்லாமல் ஓடியது இந்த பலத்தில்தான். இப்போது அதே குளிர்நாளில் 50 டிகிரி புகையை அனுப்பினால், இழுவை 21 பாஸ்கலுக்கு இறங்குகிறது. வெளியே 30 டிகிரி வெயில் அடிக்கும் நாளில் வெந்நீருக்காக மட்டும் பாய்லர் ஓடினால், எட்டரை பாஸ்கல்தான். அடைந்த லூவர் ஒன்றே இந்த இழுவை முழுவதையும் தின்றுவிட முடியும். பக்கத்துச் சமையற்கூடத்தின் வெளியேற்று விசிறி கதவிடுக்கு வழியாக இந்த அறையின் காற்றையும் இழுத்தால், அதுவும் அதே வேலையைச் செய்யும். பாய்லர் அறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி மட்டும் தனியாக இருக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அதனால்தான் புதிய பாய்லர்கள் தங்களுக்குள்ளேயே விசிறி வைத்துப் புகையைத் தள்ளுகின்றன. தள்ளுவதால் பழைய அறையில் இல்லாத ஓர் ஆபத்து வருகிறது. இழுவையில் ஓடும் புகைக்குழாயில் விரிசல் விட்டால், அறைக்காற்றுதான் உள்ளே போகும். தள்ளி ஓடும் குழாயில் விரிசல் விட்டால், புகை அறைக்குள் வரும். செங்கல் இடுக்குகள் நிறைந்த பழைய புகைப்போக்கிக்குள் புதிய குழாயைச் செருகி, ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் வளையம் வைத்து அடைப்பது இதற்காகத்தான்.

அந்தக் குழாய் எவ்வளவு அகலம்? முழுச்சுமையில் நம் இரண்டு பாய்லர்களிலிருந்து விநாடிக்கு 0.16 கனமீட்டர் புகை வரும். கிடைமட்டப் பகுதியையும் சேர்த்து 16 மீட்டர் நீளம், இரண்டு வளைவு, மேலே ஒரு தொப்பி என்று வைத்தால், 200 மில்லிமீட்டர் குழாயில் புகை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடி, சுமார் 70 பாஸ்கலை இழக்கும். 250 மில்லிமீட்டர் என்றால் 27 பாஸ்கல். 300 என்றால் 12.

பெரியதே நல்லது என்று தோன்றும். ஆனால் ஒரு பாய்லர் மட்டும் குறைந்த சுமையில் ஓடும் குளிர்காலக் காலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கானால் உராய்வு இருபத்தைந்தில் ஒரு பங்காகும். இழுவை மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அகன்ற குழாயில் மெதுவாக ஏறும் புகை வழியிலேயே குளிர்ந்து சுவரெல்லாம் நனைக்கும். வாயில் வேகமில்லாததால் வெண்மூட்டமாகக் கூரை மேல் தவழும். 200 மில்லிமீட்டரில் விசிறி எல்லாச் சுமையையும் தானே ஏற்க வேண்டும். பாய்லர் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அழுத்தம் 70 பாஸ்கலுக்கு மேல் இருந்தால் மட்டுமே அது சரிவரும். இந்தப் பள்ளிக்கு 250தான் பொருத்தம். குளிர்நாளில் 27க்கு எதிராக 21 பாஸ்கல் இழுவை கைகொடுக்கும். கோடையில் மீதி 18 பாஸ்கலை விசிறி சுலபமாகச் சமாளிக்கும்.

பொதுக் குழாயில் இன்னொன்று தவறக் கூடாது. ஒரு பாய்லர் ஓடி, மற்றது நிற்கும்போது, ஓடுவதன் அழுத்தம் நிற்பதன் வழியாகப் புகையை அறைக்குள் திருப்பிவிடும். ஒவ்வொரு பாய்லருக்கும் ஒருவழித் தடுப்பு மடல் வேண்டும். அமிலத்தில் நனையும் மடல் நாளடைவில் ஒட்டிக்கொள்ளவோ முழுதும் மூடாமல் நிற்கவோ செய்யும். ஒரு பாய்லரை முழுச்சுமையில் ஓடவிட்டு, நிறுத்திய பாய்லரின் அருகே கார்பன் மோனாக்சைடு மானியை வைத்துப் பார்ப்பதுதான் அதைச் சோதிக்கும் வழி. மானி அசைந்தால் மடல் சரியில்லை.

இனித் தண்ணீர். 400 கிலோவாட்டில் மணிக்கு 65 லிட்டர் அளவுக்கு நீராவி பிறக்கிறது. ரேடியேட்டர்களிலிருந்து திரும்பும் நீர் 30 முதல் 35 டிகிரி வரை குளிர்ந்திருந்தால் அதில் பாதிக்கு மேல் நீராகும். மணிக்கு இரண்டு வாளித் தண்ணீர் வரை வடியலாம். பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி 82 டிகிரியில் அனுப்பி 71 டிகிரியில் திரும்பப் பெற்றால் பாய்லருக்குள் ஒரு சொட்டும் வடியாது. கண்டென்சிங் பாய்லர் வாங்கியதன் பலனும் கிடைக்காது. ஆகவே வடிநீர் வருகிறதா என்று பார்ப்பதே பாய்லர் சரியாக ஓடுகிறதா என்று அறிய எளிய சோதனை.

இந்த நீர் மோரைப் போல் புளித்தது, பி.எச். அளவு பெரும்பாலும் 3க்கும் 5க்கும் இடையே. காரையையும் செம்பையும் சாதாரண இரும்பையும் மெல்ல அரிக்கும். புகைக்குழாய்க்கு 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகு அல்லது பாலிபுரோப்பிலீன், வடிகுழாய்க்கு பிளாஸ்டிக். செங்கல் புகைப்போக்கியின் வெளிச்சுவரில் பழுப்புக் கறையோ வெள்ளைப் பூப்போ தெரிந்தால், உள்குழாய் கசிகிறது என்று பொருள். கிடைமட்டக் குழாய் மீட்டருக்கு 50 மில்லிமீட்டர் பாய்லரை நோக்கிச் சரிய வேண்டும். செங்குத்துக் குழாயின் அடியில் தனி வடிவாய் வைத்தால், உச்சியில் விழும் மழைநீரும் அங்கேயே வெளியேறும்; பாய்லருக்குள் வராது. கழிவுநீர்க் குழாயில் சேரும் முன் சலவைக்கல் துண்டுகள் நிரப்பிய பெட்டி வழியே விட்டால் புளிப்பு குறையும். கற்கள் கரைந்துவிடும் என்பதால், ஆண்டுக்கொரு முறை புதிதாக நிரப்ப வேண்டும்.

2010 டிசம்பரில் பிரிட்டனில் கடுங்குளிர் வந்தபோது, வெளிச்சுவரில் ஓடிய மெல்லிய வடிகுழாய்கள் உறைந்து, நீர் போக வழியில்லாமல் எண்ணற்ற வீட்டு பாய்லர்கள் அணைந்தன. குளிர் உச்சத்தில் இருந்த நேரத்திலேயே வெப்பம் நின்றது. அதன்பின் குழாயைக் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுபோவது, வெளியே போக நேர்ந்தால் குறைந்தது 32 மில்லிமீட்டர் அகலத்தில் கம்பளிபோல் உறையிட்டு, குட்டையாக, சரிவாகப் போடுவது என்று நடைமுறை இறுகியது.

வடிகுழாயின் முடிவில் தண்ணீர் நின்று புகையைத் தடுக்கும் வளைவு ஒன்று உண்டு. அதில் 75 மில்லிமீட்டர் நீர் நின்றால், 700 பாஸ்கலுக்கு மேல் தாங்கும். நம் விசிறியின் அழுத்தத்துக்கு அது தாராளம். ஆனால் பள்ளி கோடை விடுமுறைக்கு மூடியிருக்கும் வாரங்களில், பாய்லர் நின்றிருந்தால், அந்த நீர் உலர்ந்துபோகும். செப்டம்பரில் பாய்லரை ஏற்றும் முதல் நாள், வடிகுழாய் வழியாகப் புகை அறைக்குள் வந்துவிடலாம். பராமரிப்பாளர் சுவிட்சைப் போடும் முன் அந்த வளைவில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். லூவரின் இலைகளைக் கூட்டித் தள்ள வேண்டும். மேல் திறப்பில் யாராவது அட்டை வைத்திருக்கிறார்களா என்று ஏணி போட்டுப் பார்க்க வேண்டும்.